லோகோ கேட்டால் கேள்வித்தாள் வரும்

"தம்பி, நம்ம கடைக்கு ஒரு லோகோ வேணும். எவ்வளவு ஆகும்?"

தனியாக வேலை எடுத்துச் செய்யும் வடிவமைப்பாளருக்குச் சிறு வியாபாரிகளிடமிருந்து வருகிற முதல் செய்தி பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. தொழிலில் கொஞ்சம் அடிபட்டவர்கள் சொல்லமாட்டார்கள். விலைக்கு முன்னால் இரண்டு பக்கக் கேள்வித்தாள் ஒன்றை அனுப்புவார்கள். கேட்டவருக்கு எரிச்சல் வருவது இயல்பு. படம் வரையச் சொன்னால் பரீட்சை வைக்கிறாரே என்று தோன்றும்.

அந்த இரண்டு பக்கங்கள் எதற்கு என்று புரிய, ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டுகிறார்கள். கடலை, எள், தேங்காய் என்று மூன்று எண்ணெய். அப்பா முப்பது வருடமாகக் கடையைப் பார்க்கிறார். மகன் இப்போது கோவைக்கும் சென்னைக்கும் கூரியரில் பாட்டில் அனுப்பத் தொடங்கியிருக்கிறார். கடைக்குப் பாட்டியின் பெயர். பலகையில் அந்தப் பெயரைச் சிவப்பு பெயின்ட்டில் யாரோ எழுதியதோடு சரி, வேறு அடையாளம் எதுவும் இல்லை. லோகோ கேட்டு செய்தி அனுப்பியவர் மகன்.

கேள்வித்தாளின் முதல் கேள்வி பிடித்த நிறம் என்ன என்பதாக இருந்தால் அந்த வடிவமைப்பாளர் இன்னும் பழகவில்லை என்று கொள்ளலாம். உருப்படியான முதல் கேள்வி வேறு: லோகோ எங்கெல்லாம் ஒட்டப்படும்? மகன் எழுதுகிறார்: ஒரு லிட்டர் பாட்டில் லேபிள், பாட்டில் மூடியின் ஸ்டிக்கர், 15 கிலோ டின், கடைப் பலகை, கூரியர் அட்டைப்பெட்டி, பில், வாட்ஸ்அப் படம். இந்த ஒரு பதிலிலேயே வடிவத்தில் பாதி முடிவாகிவிடுகிறது. பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டருக்குக் கறுப்பைத் தவிர வேறு நிறம் தெரியாது. சாம்பல் நிறத்தைக்கூட அது புள்ளிப் புள்ளியாகத்தான் காட்டும். வாட்ஸ்அப் படம் வட்டமாக வெட்டப்படும். ஆகவே நீளவாக்கில் ஒரு வடிவம் மட்டும் போதாது, வட்டத்துக்குள் அடங்கும் இன்னொன்றும் வேண்டும். டின்னில் ஸ்கிரீன் பிரிண்ட்டிங் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், தனிக் கூலி. நிழலும் மினுமினுப்புமாக ஏழு வண்ணத்தில் வரைந்து கொடுத்தால் கணினித் திரையில் அழகாக இருக்கும், டின்னில் ஏறாது.

அடுத்த கேள்வி, பக்கத்துக் கடைகளின் லேபிள்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறது. மகன் எட்டுப் படங்கள் அனுப்புகிறார். ஆறில் மாடு பூட்டிய செக்கு. நிறம் பச்சை, மஞ்சள், மீண்டும் பச்சை. இதைப் பார்த்த பிறகு வடிவமைப்பாளர் தொலைபேசியில் கேட்கிற கேள்வி முக்கியமானது: "நம்ம செக்கு மாடு இழுக்குதுங்களா, மோட்டாருங்களா?" மோட்டார்தான். மரச்செக்கு உண்மை, மாடு இல்லை. உணவுப் பொருளின் லேபிளில் வாங்குபவரைத் தவறாக நினைக்கவைக்கும் எதுவும் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. இல்லாத மாட்டை வரைந்தால் ஏழாவது மாட்டு லேபிளாக அலமாரியில் காணாமல் போவது ஒரு நஷ்டம், பொய் சொன்னவராக நிற்பது இன்னொரு நஷ்டம்.

பழைய அடையாளம் ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு மகன் "எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டார். பேச்சில்தான் தெரிகிறது, உள்ளூரில் எல்லோரும் அதைச் "செவப்பு போர்டு கடை" என்று சொல்கிறார்களாம். இந்தத் தகவலுக்கு விலையே கிடையாது. முப்பது வருடமாக மக்கள் மனத்தில் ஏறிய ஒரு நிறம் இலவசமாகக் கிடைக்கிறது. கேள்வித்தாளைப் படிவமாக மட்டும் வாங்கி வைக்காமல் அரைமணி நேரம் பேசவும் வேண்டும் என்பது இதனால்தான்.

கடைசியில் ஒரு சின்னக் கேள்வி இருக்கும்: முடிவு சொல்லப்போவது யார்? ஒரே ஒரு பெயர் எழுத வேண்டும். மகன் தன் பெயரை எழுதுகிறார். அனுபவசாலி அத்தோடு விடமாட்டார். "அப்பா பார்த்து ஒத்துக்கணுங்களா?" என்று கேட்பார். "ஆமாங்க, அவரு சரின்னாத்தான்" என்று பதில் வந்தால், முதல் வரைவைக் காட்டும் நாளில் அப்பாவும் உட்கார வேண்டும் என்று அப்போதே எழுதிவைத்துவிடுவார். லோகோ வேலைகள் பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் வரைந்ததில் உள்ள குறை காரணமாவதில்லை. முடிவெடுப்பவர் மூன்றாவது வாரத்தில்தான் முதல்முறையாகப் படத்தைப் பார்க்கிறார் என்பதே காரணம்.

பதில்கள் வந்த பிறகுதான் விலை. அதுவும் ஒரு தொகையாக மட்டும் வராமல் ஒரு பக்கத் திட்டக் குறிப்பாக வரும். நம் எடுத்துக்காட்டில் இப்படி வைத்துக்கொள்வோம்: மொத்தம் 15,000 ரூபாய், பாதி முன்பணம், மீதி இறுதிக் கோப்புகள் கைமாறும் முன். மூன்று யோசனைகள் காட்டப்படும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பின் இரண்டு சுற்றுத் திருத்தம். அதற்கு மேல் சுற்றுக்கு 1,500 ரூபாய். இந்தத் தொகைகள் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். மாறக்கூடாதது, எத்தனை, எதுவரை என்ற எண்கள் தாளில் இருக்க வேண்டும் என்பது.

அதே தாளில் எது இந்த வேலையில் சேராது என்றும் இருக்கும். சிறு வியாபாரிகளுக்கு லோகோவும் லேபிளும் ஒன்றுதான். லேபிளில் 14 இலக்க உணவு உரிம எண், சைவக் குறியான பச்சை வட்டம், எடை, விலை, தயாரித்த தேதி எல்லாம் வரவேண்டும். அது தனி வேலை, தனிக் கூலி. மொபைல் எண்ணை லோகோவுக்குள்ளேயே போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எண் மாறினால் லோகோவே மாறவேண்டும் என்று சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

முன்பணம் வந்த அன்றே பென்சிலை எடுப்பதில்லை. முதலில் பெயரைத் தேட வேண்டும். இந்திய வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வருகிறது. அந்த வகுப்பில் பாட்டியின் பெயரிலோ, அதே ஒலிப்புள்ள பெயரிலோ வேறு யாராவது ஏற்கெனவே பதிந்திருந்தால், எவ்வளவு அழகாக வரைந்தாலும் பின்னால் வக்கீல் நோட்டீஸ் வரலாம். தேடிப் பார்ப்பது வடிவமைப்பாளரின் சட்டக் கடமை இல்லை. ஆனாலும் பத்து நிமிட வேலைதான். செய்யாமல் விடுகிறவரைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

யோசனைகளை உருவாக்கும் கட்டத்தில் தமிழ் லோகோவுக்கென்று சில தனித் தொல்லைகள் உண்டு. ஆங்கிலத்துக்கு ஆயிரக்கணக்கில் எழுத்துருக்கள் இருக்கின்றன. தமிழில் தேர்வு குறைவு. முக்த மலர், கேட்டமரான், பலூ தம்பி, ஹிந்த் மதுரை போன்ற நல்ல எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிகத்துக்குப் பயன்படுத்தத் தடையில்லை. எங்கிருந்தோ நகலெடுத்த, உரிமம் தெரியாத எழுத்துருவில் ஒரு கடையின் நிரந்தர அடையாளத்தை அமைப்பது ஆபத்து.

இன்னொரு தொல்லை எழுத்துகளின் உடற்கட்டு. 'எண்ணெய்' என்ற சொல்லையே பாருங்கள். இரண்டு ண, ஒற்றைக்கொம்பு, புள்ளிகள், சுழிகள். மூடியின் ஸ்டிக்கரில் லோகோவுக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் இடம். அந்த அளவில் தடித்த எழுத்தில் அச்சடித்தால் மை பரவி ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய எழுத்தில் போட்டால் டின்னில் கோடு விட்டுவிட்டு விழும். இதற்குத் தீர்வு, எழுத்துருவை அப்படியே தட்டச்சு செய்து வைக்காமல் சுழிகளைக் கையால் விரித்து, புள்ளியைச் சற்று மேலே தூக்கி, அந்தச் சொல்லுக்கென்றே வரைந்துகொள்வதுதான். மிகச் சிறிய அளவுக்கு 'மரச்செக்கு எண்ணெய்' என்ற வரியையே எடுத்துவிட்டுப் பெயரின் முதல் எழுத்தை மட்டும் வைப்பதும் உண்டு.

சில வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்வு செய்யாமல் தட்டச்சு செய்தால் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'ணெ' சிதைந்துவிடும். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் வெளியூரிலிருந்து வேலை செய்தால் இது அவர் கண்ணில் படாது. நெடுஞ்சாலையோரப் பலகைகளில் கொம்பு கழன்ற சொற்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் இதுதான். கூடவே 'எண்ணை' என்று தவறாக எழுதும் பழக்கமும் பரவியிருக்கிறது. அது லோகோவில் ஏறிவிட்டால் பத்து வருடத்துக்கு அசையாது.

பலகைக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழே முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், மற்ற மொழி என்ற வரிசைக்கு 5:3:2 என்ற விகிதம் அரசு விதியில் உள்ளது. சென்னைக் குடியிருப்புகளில் வாங்குகிறவர்களுக்காக ஆங்கிலப் பெயரும் வேண்டும் என்கிறார் மகன். அப்படியானால் இரண்டு மொழியும் ஒன்றாக நிற்கும்போது எது எவ்வளவு உயரம் என்பதை லோகோவிலேயே தீர்மானித்துக் கொடுத்துவிடுவது நல்லது. பலகை எழுதுபவரிடம் விட்டால் அவர் இடத்துக்குத் தகுந்தபடி இழுத்துவிடுவார்.

யோசனைகளை முதலில் கறுப்பு வெள்ளையில் காட்டுவது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. நிறத்தைக் காட்டினால் பேச்சு நிறத்தைப் பற்றியே போய்விடும். நிறம் இல்லாமலே நிற்காத வடிவம் பில்லிலும் ரப்பர் ஸ்டாம்பிலும் நிற்காது. பாரத ஸ்டேட் வங்கியின் சின்னத்தை நினைத்துப் பாருங்கள். 1971இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் உருவாக்கியது. ஒரு வட்டம், நடுவில் ஒரு துளை, கீழே ஒரு வெட்டு. நீலத்தை எடுத்துவிட்டுக் கறுப்பில் அடித்தாலும், பாஸ்புக்கின் மூலையில் சிறிதாகப் போட்டாலும், கட்டட உச்சியில் வைத்தாலும் அது அதுவாகவே இருக்கிறது.

நம் எண்ணெய்க் கடைக்கு மூன்று யோசனைகள். முதலாவது, பாட்டியின் பெயர் மட்டும், பழைய பலகை எழுத்தின் சாயலில், ஒரு சுழி மட்டும் எண்ணெய்த் துளியாகக் கீழே இறங்குவதுபோல. இரண்டாவது, மேலிருந்து பார்த்தால் தெரியும் செக்கு உரலின் வட்டமும் உலக்கையின் சாய்வும் சேர்ந்த ஒரு குறி, அருகில் பெயர். மூன்றாவது, பெயரின் முதல் எழுத்து ஒரு முத்திரைக்குள். மூன்றும் ஒன்றுக்கொன்று உண்மையிலேயே வேறானவை. ஒரே படத்தை மூன்று நிறத்தில் போட்டு மூன்று யோசனை என்று கணக்குக் காட்டுவது தொழிலில் நடக்கிற ஏமாற்று. வாடிக்கையாளர் அதை எளிதில் கண்டுபிடிக்கலாம்: நிறத்தை நீக்கிவிட்டால் மூன்றும் ஒன்றாகத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

மூன்றுதான் காட்ட வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. அமெரிக்க வடிவமைப்பாளர் பால் ராண்ட் 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக்கு லோகோ செய்தபோது ஒரே ஒரு யோசனையைத்தான் கொடுத்தார். கட்டணம் 1,00,000 டாலர். சில தெரிவுகள் காட்டமுடியுமா என்று ஜாப்ஸ் கேட்டதற்கு ராண்ட் மறுத்துவிட்டார். பிரச்சினையைத் தீர்த்துத் தருவேன், பயன்படுத்துவதும் விடுவதும் உங்கள் விருப்பம், பணம் மட்டும் தரவேண்டும் என்பது அவருடைய நிலை. அந்த ஒரு யோசனையை ஏன் அப்படி அமைத்தார் என்று விளக்கும் ஒரு புத்தகத்தையே தயாரித்துக் கொடுத்தார். காங்கேயத்தில் இந்த நிபந்தனை எடுபடாது. ஆனால் ஒவ்வொரு யோசனையோடும் அதன் காரணத்தை நாலு வரியில் எழுதிவைக்கும் பழக்கம் எடுபடும். "பிடிக்கலை" என்ற ஒற்றைச் சொல்லைத் தாண்டிப் பேச அது இடம் கொடுக்கிறது.

எப்படிக் காட்டுகிறார் என்பதும் முக்கியம். வாட்ஸ்அப்பில் மூன்று படங்களைத் தட்டிவிட்டால், அடுத்த நிமிடம் அவை குடும்பக் குழுவுக்குப் போய்விடும். பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை ஓர் இலை சேர்க்கச் சொல்வார், சித்தப்பா கலசம் வைக்கச் சொல்வார். அதனால் ஒரே பிடிஎஃப் கோப்பில், காரணத்தோடு, அப்பாவும் மகனும் சேர்ந்திருக்கும்போது காட்டுவார்கள். லேபிளின் உண்மை அளவில் ஒரு தாளில் அச்சடித்து, வெட்டி, பாட்டிலில் ஒட்டிக் காட்டினால் இன்னும் நல்லது. அப்படி ஒட்டியபோதுதான் ஒன்று தெரியவந்தது என்று வைத்துக்கொள்வோம்: மஞ்சள் நிற எழுத்தைக் கண்ணாடிபோன்ற லேபிளில் போட்டால் பின்னாலிருக்கும் கடலை எண்ணெயின் மஞ்சளில் அது கரைந்துவிடுகிறது. திரையில் இது தெரிந்திருக்காது. மஞ்சளை விட்டுவிட்டுக் கருஞ்சிவப்புக்குப் போகிறார்கள். அது பழைய பலகையின் சிவப்புக்கும் உறவு.

அப்பா படத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "ஏனுங்க தம்பி, மாடு இல்லாம செக்குங்களா?"

"ஐயா, நம்ம செக்கு மோட்டார்ல ஓடுதுங்க. பக்கத்துக் கடை ஆறுலயும் மாடுதான் நிக்குது. நம்ம பாட்டிலைத் தூரத்துல இருந்தே கண்டுபிடிக்கணுமுங்களே."

அப்பா எட்டு லேபிள்களையும் மேசையில் பரப்பிப் பார்க்கிறார். பேச்சு அங்கே முடிகிறது. கேள்வித்தாளில் வாங்கிவைத்த படங்கள் இப்போது சாட்சிக்கு வருகின்றன. இரண்டாவது யோசனை, உரலும் உலக்கையும், தேர்வாகிறது.

இனித் திருத்தச் சுற்று. இங்கேதான் எல்லை மீறுவதும் மனக்கசப்பும் அதிகம். ஒரு சுற்று என்றால் என்ன என்று இரண்டு தரப்புக்கும் ஒரே புரிதல் இருக்க வேண்டும். நாள் முழுவதும் துளித்துளியாக வரும் இருபது குரல் செய்திகள் ஒரு சுற்றாகாது. வாடிக்கையாளர் எல்லாவற்றையும் யோசித்து, வீட்டாரிடம் கேட்டு, ஒரே பட்டியலாகத் தருவது ஒரு சுற்று. அதற்கு ஐந்து நாள் அவகாசம். நம் கடையிலிருந்து வந்த முதல் பட்டியல்: சிவப்பு இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக, உலக்கை தடிமனாக, ஆங்கிலப் பெயர் சிறிதாக, பெயரைப் பெரிதாக்கவும்.

கடைசிக் கோரிக்கை உலகத்து வடிவமைப்பாளர்கள் எல்லோருக்கும் பழக்கமானது. அதை அப்படியே செய்துவிடுவதும் தப்பு, சிரித்து ஒதுக்குவதும் தப்பு. எங்கே வைத்துப் பார்த்தபோது சிறிதாகத் தெரிந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். "பைக்ல போறப்ப போர்டைப் பார்த்தாத் தெரியாதுன்னு தோணுச்சுங்க" என்கிறார் மகன். அப்படியென்றால் பெயரைப் பெரிதாக்கத் தேவையில்லை. பலகைக்கு மட்டும் குறியை இடப்பக்கமும் பெயரை அகலமாகவும் வைக்கும் நீளவடிவம் ஒன்று தந்தால் போதும். வாடிக்கையாளர்கள் தீர்வைச் சொல்வார்கள். அதன் பின்னால் இருக்கும் குறையைத் தோண்டி எடுப்பதுதான் சுற்றுகளை மிச்சப்படுத்தும் வழி.

இரண்டாம் சுற்றில், எல்லாம் முடியும் நேரத்தில், "அந்த மூணாவது முத்திரையையும் இதுல சேர்த்துப் பார்க்கலாமுங்களா?" என்று ஒரு செய்தி. நிறம், தடிமன், இடைவெளி, அடுக்கும் முறை ஆகியவற்றை மாற்றுவது திருத்தம். குறியையே மாற்றுவது புது யோசனை. திட்டக் குறிப்பில் இந்த வேறுபாட்டை எழுதிவைத்திருந்தால் வடிவமைப்பாளர் முகம் சுளிக்காமல், "செய்யலாமுங்க, அது புது யோசனைக் கணக்கு, இவ்வளவு ஆகும்" என்று சொல்லிவிடலாம். எழுதாதவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். பணம் வாங்காமல் செய்துகொடுத்துவிட்டு உள்ளுக்குள் புழுங்குவார், அல்லது பதில் போடாமல் காணாமல் போவார். இரண்டுமே நடக்கின்றன.

இன்னும் இரண்டு வரிகள் தாளில் இருப்பது நல்லது. வாடிக்கையாளரிடமிருந்து, சொல்லப்போனால், 15 நாள் பதிலே இல்லையென்றால் வேலை நிறுத்திவைக்கப்படும். பாதியில் கைவிட்டால் முன்பணம் திரும்பாது, வரைந்தவற்றைப் பயன்படுத்தும் உரிமையும் வராது. கடுமையாகத் தோன்றலாம். அறுவடை, கல்யாணம், தேர்த் திருவிழா என்று சிறு வியாபாரிகளின் கவனம் திசைமாறுவது சாதாரணம் என்பதால் இது இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

பார்த்த உடனே பிடிக்க வேண்டும் என்று காத்திருப்பது திருத்தச் சுற்றுகளை இழுத்துக்கொண்டே போகும். நைக்கியின் வளைகோட்டை 1971இல் வரைந்த கேரலின் டேவிட்சன் அப்போது கல்லூரி மாணவி. அவர் வாங்கிய தொகை 35 டாலர். நிறுவனர் ஃபில் நைட்டுக்கு அந்த வடிவம் அப்போது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பெட்டிகளையும் ஷூக்களையும் தயாரிக்கும் தேதி நெருங்கிவிட்டதால் ஒத்துக்கொண்டார். 1983இல் நிறுவனம் அவருக்குப் பங்குகளைக் கொடுத்துக் கௌரவித்தது. இதைச் சொல்லிச் சிறு தொழில்காரர்கள் "35 டாலருக்கே நைக்கி கிடைச்சுதே" என்று பேரம் பேசுவதும் உண்டு. பங்குக் கதையையும் சேர்த்துச் சொன்னால் பேரம் ஓய்ந்துவிடும்.

இறுதி வடிவத்துக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் படித்துப் பார்த்தோம் என்று ஒரு வரி, கீழே கையெழுத்தோ மின்னஞ்சலோ. பிறகு மீதிப் பணம், அதன்பின் கோப்புகள்.

கோப்புகள் என்ற கட்டத்தில்தான் வாடிக்கையாளர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரே ஒரு ஜேபெக் படம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அதை ஃப்ளெக்ஸ் கடைக்கு எடுத்துப் போனால் பத்தடிப் பலகையில் ஓரங்கள் படிக்கட்டாகத் தெரியும். காரணம், ஜேபெக்கும் பிஎன்ஜியும் புள்ளிகளால் ஆன படங்கள். பெரிதாக்கினால் புள்ளியும் பெரிதாகும். வெக்டர் என்று சொல்லப்படும் கோப்பில் கோடுகள் கணக்காகச் சேமிக்கப்படுவதால் மூடி அளவிலும் பலகை அளவிலும் ஒரே கூர்மை. போதாக்குறைக்கு, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தரத்தைச் சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்பினால்தான் கோப்பு அப்படியே போய்ச்சேரும்.

நம் எண்ணெய்க் கடைக்குக் கிடைக்க வேண்டிய உறை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
print/logo_cmyk.pdf
print/logo_black.pdf
screen/logo_rgb.svg
screen/logo_transparent.png
screen/whatsapp_round.png
source/logo_master.ai
guide/colour_and_size.pdf
```

அச்சுக்கும் திரைக்கும் தனித்தனி அடைவுகள் இருப்பதற்குக் காரணம் நிறம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால். திரையில் பளீரென்று எரியும் சிவப்பு நான்கு வண்ண அச்சில் மங்கிவிடும். ஆகவே அச்சுக்கான கலவை எண்களைத் தனியாக எழுதித் தரவேண்டும். கருஞ்சிவப்பு என்று வாயால் சொன்னால் லேபிள் அச்சகத்தில் ஒரு சிவப்பு, அட்டைப்பெட்டி அச்சகத்தில் இன்னொரு சிவப்பு விழும். பின்னணி இல்லாத பிஎன்ஜி எதற்கென்றால், நிறமுள்ள சுவரொட்டியில் லோகோவை வைத்தால் சுற்றிலும் வெள்ளைப் பெட்டி தெரியாமல் இருக்க.

தமிழ்நாட்டு அச்சகங்களில் கோரல்டிரா அதிகம் புழங்குகிறது. இறுதிக் கோப்பில் எழுத்துகளை எழுத்துகளாகவே விட்டுவிட்டு அனுப்பினால், அந்த எழுத்துரு அச்சகக் கணினியில் இல்லாதபோது வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவாக இருந்தால் தமிழே குறியீடுகளாகச் சிதறிவிடும். எழுத்துகளை வெறும் வடிவங்களாக மாற்றிவிட வேண்டும். அச்சகத்தார் இதைக் "கர்வ் பண்றது" என்பார்கள். கோப்பு வந்ததும் வாடிக்கையாளரே ஒரு சோதனை செய்யலாம். பிடிஎஃப் கோப்பைத் திறந்து பெயரை மவுஸால் தேர்வு செய்து பார்க்க வேண்டும். எழுத்து எழுத்தாகத் தேர்வானால் அது இன்னும் கர்வ் ஆகவில்லை. பிறகு எண்ணூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஓரம் மங்கினால் உள்ளே ஒரு புள்ளிப்படத்தை வைத்துப் பிடிஎஃப் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

எல்லாக் கோப்புகளும் வந்தாலும் லோகோ கடைக்குச் சொந்தமாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக வரைந்ததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர். வெளியாளிடம் கூலிக்குக் கொடுத்த லோகோவின் உரிமை பணம் கட்டியதாலேயே தானாக வந்துவிடும் என்று நம்ப முடியாது. வரைந்தவர் எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றித் தரவேண்டும். அந்தத் தாளிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறது. எந்தப் பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். சிங்கப்பூருக்கு எண்ணெய் அனுப்பும் ஆசை மகனுக்கு இருந்தால் இந்த இரண்டு வரிகளையும் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். பதிலுக்கு, தன் படைப்புத் தொகுப்பில் இதைக் காட்டிக்கொள்ளும் அனுமதியை வடிவமைப்பாளர் கேட்பது நியாயம். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் படம் ஒன்றை லோகோவில் சேர்த்திருந்தால் அவரால் முழு உரிமையை மாற்றித் தரவே முடியாது. அப்படி எதையும் சேர்க்கவில்லை என்ற உறுதியும் அதே தாளில் வேண்டும்.

வணிகச் சின்னமாகப் பதிவது அதற்கு அடுத்த வேலை. தனிநபருக்கும் பதிவுபெற்ற சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். விண்ணப்பத்தில் லோகோவைக் கறுப்பு வெள்ளையில், நிறத்தைக் கோராமல் கொடுத்தால் எல்லா நிறத்துக்கும் சேர்த்துப் பதிந்ததாகச் சட்டம் கருதுகிறது. கறுப்பு வெள்ளைக் கோப்பைக் கேட்டு வாங்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். பதிவு பத்து ஆண்டுக்கு நிற்கும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிவுச் சான்று வருவதற்கு முன் லோகோவின் ஓரத்தில் வட்டத்துக்குள் ஆர் போடுவது குற்றம். விண்ணப்பித்திருக்கும் நிலையில் டிஎம் என்று போடத் தடையில்லை.

லோகோ செய்யக் கொடுத்திருப்பவர்கள், மீதிப் பணத்தை அனுப்பும் முன், மூலக் கோப்பு கைக்கு வரும் என்பதையும் உரிமை மாற்றும் தாள் தயாராக இருக்கிறது என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்துத் தேடும்போது வடிவமைப்பாளர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம், எண்ணை மாற்றியிருக்கலாம்.